மார்ச்சோடு முடியாத கணக்கு

தமிழ்நாட்டில் பெரும்பாலான நூற்பாலைகளின் ஆண்டு பட்ஜெட் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் தயாராகும். 2021 மார்ச்சில் பட்ஜெட் போட்ட ஓர் ஆலை, ஒரு கண்டி பஞ்சின் விலையை, அதாவது 356 கிலோவின் விலையை, ஏறத்தாழ 46,000 ரூபாய் என்று எழுதியிருக்கும். அன்றைய சந்தை நிலவரம் அதுதான். அந்த நிதியாண்டு முடிவதற்குள் விலை 90,000 ரூபாயை நெருங்கியது. 2022 மே மாதம் ஒரு லட்சத்தைத் தாண்டியது. நூல் விலை தாங்காமல் திருப்பூரில் பனியன் தொழில் துறையினர் வேலைநிறுத்தம் செய்தார்கள். பஞ்சு இறக்குமதிக்கு இருந்த 11 சதவீத வரியை மத்திய அரசு ஏப்ரலில் தற்காலிகமாக நீக்கியது. அந்த ஆண்டு முடிவதற்குள் விலை மறுபடியும் அறுபதாயிரங்களுக்கு இறங்கிவிட்டது.

ஒரு நடுத்தர உற்பத்தி நிறுவனம் ஆண்டு பட்ஜெட்டை நம்பி நடக்கலாமா, அல்லது ‘ரோலிங் ஃபோர்காஸ்ட்’ எனப்படும் நகரும் முன்கணிப்புக்கு மாறலாமா என்ற கேள்வியை யோசித்துப் பார்க்க இதைவிடப் பொருத்தமான காலம் கிடைக்காது. ஏனென்றால் அந்த மாதங்களில் இரண்டு முறைகளின் பலமும் பலவீனமும் வெளிச்சத்துக்கு வந்தன.

முதலில் இரண்டும் என்ன என்று பார்த்துவிடுவோம். ஆண்டு பட்ஜெட் என்பது ஏப்ரல் முதல் மார்ச் வரையிலான வரவு செலவை முன்கூட்டியே எழுதி, உரிமையாளரோ இயக்குநர் குழுவோ ஒப்புதல் கொடுத்து, ஆண்டு முழுவதும் மாற்றாமல் வைத்துக்கொள்ளும் கணக்கு. மாதாமாதம் நடந்ததை அதோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். ரோலிங் ஃபோர்காஸ்ட்டில் எல்லை நகர்ந்துகொண்டே இருக்கும். பெரும்பாலும் ஐந்து காலாண்டுகளுக்குக் கணக்குப் போடுவார்கள். ஒரு காலாண்டு முடிந்ததும் அதைக் கழித்துவிட்டு, கடைசியில் புதிதாக ஒன்றைச் சேர்ப்பார்கள். எந்த நாளில் எடுத்துப் பார்த்தாலும் ஓர் ஆண்டுக்கும் சற்று மேலான தூரம் கண்ணில் படும்.

ஓர் ஆலையின் கணக்கு

25,000 கதிர்கள் ஓடும் ஓர் ஆலையை உதாரணமாக வைத்துக்கொள்வோம். நாற்பதாம் நம்பர் நூல் நூற்கிறது. ஒரு கதிர் ஒரு ஷிஃப்டில் சுமார் 100 கிராம் நூல் தருகிறது என்றால், மூன்று ஷிஃப்டுக்கு ஒரு நாளைக்கு 7,500 கிலோ. பஞ்சு முழுவதும் நூலாகிவிடாது. தூசியும் குறுநாரும் கழிவாகப் போக, நூறு கிலோ பஞ்சில் 85 கிலோ நூல் கிடைக்கிறது என்று வைத்தால், நாளொன்றுக்கு ஏறக்குறைய 25 கண்டி வேண்டும். மாதத்துக்கு 750 கண்டி.

46,000 ரூபாய் விலையில் மாதப் பஞ்சுச் செலவு 3.45 கோடி. 90,000 ரூபாய் விலையில் அது 6.75 கோடி. ஒரு நூற்பாலையின் மொத்தச் செலவில் பாதிக்கும் மேல் பஞ்சுக்கே போய்விடும் என்பதால், இந்த ஒரு வரி மாறினால் பட்ஜெட்டின் மற்ற எல்லா வரிகளும் அர்த்தம் இழக்கும்.

நெருக்கடி லாபக் கணக்கில் தெரிவதற்கு முன்பே பணப்புழக்கத்தில் தெரியும். பஞ்சு வரத்து அதிகமாக இருப்பது நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை. தரமான பஞ்சு கிடைக்கும்போதே மூன்று மாதத் தேவையை வாங்கி வைப்பது பல ஆலைகளின் வழக்கம். மூன்று மாத இருப்பு என்றால் 2,250 கண்டி. 46,000 ரூபாய் விலையில் இதற்கு 10.35 கோடி போதும். 90,000 ரூபாய் விலையில் 20.25 கோடி வேண்டும். நம் ஆலையிடம் வங்கியின் சி.சி. லிமிட்டும் சொந்தப் பணமும் சேர்த்துப் பஞ்சுக்கென்று 12 கோடிதான் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆர்டர் கையில் இருந்தும் பஞ்சு வாங்க முடியாத நிலைமை இப்படித்தான் வருகிறது.

ஆண்டு எங்கே முடிகிறது?

ஆண்டு பட்ஜெட்டின் அடிப்படைக் குறை, அதில் எழுதிய விலை தவறிப்போவது அல்ல. விலையை யாராலும் சரியாகச் சொல்ல முடியாது. குறை அதன் நீளத்தில் இருக்கிறது. ஏப்ரலில் அது பன்னிரண்டு மாதம் தொலைவுக்குப் பார்க்கிறது. அக்டோபரில் ஆறு மாதம். ஜனவரியில் மூன்றே மாதம். ஆனால் பஞ்சின் ஆண்டு அக்டோபரில் தொடங்கி செப்டம்பரில் முடிகிறது. ஆலை தன் மிகப் பெரிய கொள்முதல் முடிவை எடுக்கும் ஜனவரியில், பட்ஜெட்டின் பார்வை ஏறக்குறைய முடிந்துபோகிறது. அன்று வாங்கும் பஞ்சு ஏப்ரலில்தான் நூலாகும். அந்த நூலுக்குப் பணம் ஜூனில் வரலாம். அந்த மாதங்களுக்கு ஆலையிடம் எந்தக் கணக்கும் இல்லை. அடுத்த பட்ஜெட் இன்னும் போடப்படவில்லை.

இதே ஆலை ஐந்து காலாண்டுக் கணக்கை நகர்த்திக்கொண்டு வந்திருந்தால் என்ன நடந்திருக்கும்? 2021 செப்டம்பருக்குப் போவோம். அப்போது கண்டி விலை சுமார் 57,000 ரூபாய். விலை 90,000-க்குப் போகும் என்று அன்று ஆலைக்குத் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. கணக்கர் மூன்று விலைகளை எடுத்துக்கொள்கிறார்: இப்போதைய 57,000, கொஞ்சம் ஏறினால் 65,000, நன்றாக ஏறினால் 75,000. மூன்று மாத இருப்புக்கு முறையே 12.8 கோடி, 14.6 கோடி, 16.9 கோடி தேவை.

மூன்று விடையுமே 12 கோடியைத் தாண்டுகின்றன. விலை இன்று நின்றுவிட்டால்கூடப் பணம் போதாது. செப்டம்பரிலேயே இது தெரிந்தால் ஆலைக்கு வழிகள் உண்டு. வங்கியிடம் கூடுதல் லிமிட் கேட்கலாம். விண்ணப்பம், கணக்குகள், கிளையிலிருந்து மண்டல அலுவலகம் என்று இதற்கு வாரக்கணக்கில் ஆகும் என்பதால், செப்டம்பரில் கேட்டால்தான் டிசம்பரில் கையில் இருக்கும். அல்லது இருப்பை இரண்டு மாதமாகக் குறைக்கலாம். 1,500 கண்டிக்கு 75,000 ரூபாய் விலையிலும் 11.25 கோடி போதும். அல்லது, பஞ்சு கைக்கு வராமல் நீண்ட நாளுக்கு நூல் விலையை ஒத்துக்கொள்ளும் ஆர்டர்களைத் தவிர்க்கலாம். ஜனவரியில் விழித்துக்கொண்ட ஆலைக்கு இந்த வழிகளில் பாதி அடைபட்டிருக்கும்.

விலை இறங்கும்போதும் இதே கணக்கு உதவுகிறது. 2022 மே மாதம் ஒரு லட்ச ரூபாய்க்கு மூன்று மாத இருப்பு வாங்கிய ஆலை, கண்டிக்கு 30,000 ரூபாய் விலை இறங்கினால் 6.75 கோடி இழக்கும். ஏனென்றால் நூல் வாங்குபவர் அன்றைய பஞ்சு விலையைப் பார்த்துத்தான் பேரம் பேசுவார். இறக்குமதிப் பஞ்சில் ஆபத்து இன்னும் அதிகம். இன்று விலை பேசிய சரக்கு கப்பலேறித் துறைமுகம் வந்து சேர மாதங்கள் ஆகும். வாங்கும் நாளின் விலையை மட்டும் பார்க்காமல், அந்தப் பஞ்சு நூலாகி விற்கும் நாளில் நூல் என்ன விலை போகும் என்று எழுதிப் பார்க்க வைப்பதுதான் நகரும் கணக்கின் பயன்.

அப்படியானால் பட்ஜெட்டைத் தூக்கிப் போடலாமா?

அப்படிச் செய்தவர்கள் இருக்கிறார்கள். ஸ்வீடனின் ஹாண்டெல்ஸ்பாங்கென் வங்கி, ஜான் வாலாண்டர் தலைமையில் 1970-களிலேயே ஆண்டு பட்ஜெட்டைக் கைவிட்டது. நார்வேயின் ஸ்டாட்ஆயில் எண்ணெய் நிறுவனம் 2005-இல் அதே முடிவை எடுத்தது. இந்த உதாரணங்களைச் சொல்லி நடுத்தர ஆலைகளுக்கும் அதே மருந்தைப் பரிந்துரைப்பவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. நூற்றுக்கணக்கான கிளைகள் உள்ள வங்கி, ஒரு கிளையை இன்னொரு கிளையோடு ஒப்பிட்டே யார் நன்றாக நடத்துகிறார்கள் என்று கண்டுபிடித்துவிடும். ஒரே ஓர் ஆலை வைத்திருப்பவருக்கு அப்படி ஒப்பிட வேறு ஆலை இல்லை. அவருக்கு அசையாத ஓர் அளவுகோல் தேவை. அதைத் தருவது ஆண்டு பட்ஜெட்தான்.

நம் ஆலையின் ஒரு மாதத்தை எடுத்துக்கொள்வோம். பட்ஜெட்டில் 750 கண்டி, கண்டிக்கு 46,000 ரூபாய், மொத்தம் 3.45 கோடி. நடந்தது: அதே அளவு நூலுக்கு 760 கண்டி செலவானது, விலை 75,000 ரூபாய், மொத்தம் 5.70 கோடி. கூடுதல் செலவு 2.25 கோடி. பஞ்சு விலை ஏறிவிட்டது என்று எல்லோரும் ஒத்துக்கொண்டு கூட்டத்தை முடித்துவிடுவார்கள்.

ஆனால் அந்த 2.25 கோடியைப் பிரித்துப் பார்க்க வேண்டும். விலை ஏற்றம் 29,000 ரூபாய். அதை 760 கண்டியால் பெருக்கினால் 2.204 கோடி. இது சந்தையின் வேலை. மீதி 4.6 லட்சம். கூடுதலாகப் போன 10 கண்டியை பட்ஜெட் விலையான 46,000-ஆல் பெருக்கினால் வரும் தொகை அது. அந்தப் பத்துக் கண்டி ஆலைக்குள் காணாமல் போயிருக்கிறது. கார்டிங்கில் கழிவு கூடியிருக்கலாம். வாங்கிய பஞ்சில் குப்பை அதிகம் இருந்திருக்கலாம். ஆண்டு முழுவதும் இப்படியே போனால் பட்ஜெட் விலையிலேயே 55 லட்சம் ரூபாய் நஷ்டம். 75,000 ரூபாய் விலையில் அது 90 லட்சம். பஞ்சு விலை ஏறும் காலத்தில்தான் கழிவு மிகவும் வலிக்கும், ஆனால் அந்தக் காலத்தில்தான் அது யார் கண்ணுக்கும் படாது.

நகரும் கணக்கை மட்டும் வைத்திருந்தால் இந்தப் பத்துக் கண்டி மறைந்துவிடும். அடுத்த மாதக் கணக்கில் யாராவது 760 என்று எழுதிவிடுவார்கள். அதற்கடுத்து 765 ஆகும். ஒவ்வொரு முறையும் கணிப்பும் நடப்பும் ஒத்துப்போகும். யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். நூறு கிலோவுக்கு 85 கிலோ நூல் என்று மார்ச்சில் எழுதி, கையெழுத்திட்டு, தொடாமல் வைத்த ஒரு தாள் இருந்தால்தான் சறுக்கல் தெரியும்.

ஆகவே, இரண்டில் எதைத் தேர்ந்தெடுப்பது என்ற கேள்வியை வரி வரியாகக் கேட்க வேண்டும். நம் கையில் இருப்பவற்றுக்கு ஆண்டு பட்ஜெட். கழிவு விகிதம், ஒரு கிலோ நூலுக்கு ஆகும் மின் யூனிட், ஒரு கதிரின் உற்பத்தி, நிர்வாகச் செலவு, புதிய இயந்திரத்துக்கான ஒதுக்கீடு ஆகியவை இதில் சேரும். சந்தையின் கையில் இருப்பவற்றுக்கு நகரும் கணக்கு. பஞ்சு விலை, நூல் விலை, ஆர்டர், வசூலாகும் நாள், கடன் தேவை ஆகியவை இதில். வங்கிக்கு ஆண்டுதோறும் கொடுக்க வேண்டிய சி.எம்.ஏ. அறிக்கைக்கு ஆண்டுக் கணக்கு எப்படியும் தேவை. ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச் என நான்கு தவணையில் கட்டும் முன்கூட்டிய வருமான வரிக்கோ, ஆண்டு லாபம் எவ்வளவு வரும் என்ற அன்றைய மதிப்பீடு தேவை. அது நகரும் கணக்கிலிருந்துதான் கிடைக்கும்.

ஆண்டின் நடுவே பட்ஜெட்டைத் திறக்கவே கூடாதா என்றால், ஒரு விதிவிலக்கு உண்டு. அரசாணை போன்ற ஒன்றால் நிரந்தரமாக மாறிவிட்டதைத் திருத்தலாம். 2022 செப்டம்பரில் தமிழ்நாட்டில் உயர் அழுத்தத் தொழிற்சாலை மின்இணைப்புக்கான தேவைக் கட்டணம் கே.வி.ஏ.வுக்கு 350 ரூபாயிலிருந்து 550 ஆனது. அதைப் பழைய கட்டணத்தோடு மார்ச் வரை ஒப்பிட்டுக்கொண்டிருப்பதில் பயன் இல்லை. கட்டண வரியை மாற்றிக்கொள்ளலாம். கிலோவுக்கு இத்தனை யூனிட் என்ற வரியைத் தொடக் கூடாது.

எட்டு வரிகள் போதும்

நகரும் கணக்கைத் தொடங்கிய நிறுவனங்கள் சில மாதங்களில் அதைக் கைவிடுவதற்கு முதல் காரணம், பட்ஜெட்டில் இருக்கும் முந்நூறு தலைப்புகளையும் மாதாமாதம் திரும்ப எழுத முயல்வதுதான். நடுத்தர ஆலையின் கணக்குப் பிரிவில் இரண்டு மூன்று பேர் இருப்பார்கள். ஜி.எஸ்.டி., சம்பளம், வங்கிக்குப் போக வேண்டிய மாத இருப்பு அறிக்கை என்று அவர்களுக்கு வேலை நிறைந்திருக்கும்.

நம் ஆலைக்கு எட்டு வரிகள் போதும்: உற்பத்தி கிலோ, விற்பனை கிலோ, பஞ்சு விலை, நூல் விலை, இருப்பு நாட்கள், வசூல் நாட்கள், மாதச் சம்பளமும் மின்கட்டணமும் சேர்ந்த தொகை, கடன் தவணை. இந்த எட்டிலிருந்து மாத லாபத்தையும் மாத முடிவில் கையிருப்பையும் ஒரு எக்செல் தாளில் கணக்கிட்டுவிடலாம். முதல் மூன்று மாதத்தை மாதவாரியாக எழுதினால் போதும். அடுத்த நான்கு காலாண்டுகளுக்குக் காலாண்டு மொத்தம் போதும். ஒன்பது மாதம் கழித்து வரும் ஒரு மாதத்தை ரூபாய் சுத்தமாக எழுதுவதால் எந்த முடிவும் மாறப்போவதில்லை.

மாதம் பிறந்து ஒரு வாரத்துக்குள் சென்ற மாதக் கணக்கு முடிய வேண்டும். கொள்முதல் மேலாளர் பஞ்சு விலையை ஒரே எண்ணாகச் சொல்லாமல் மேல், நடு, கீழ் என்று மூன்றாகச் சொல்வார். விற்பனை மேலாளர் கையிலிருக்கும் ஆர்டரையும், வரும் என்று நம்பும் ஆர்டரையும் தனித்தனியே சொல்வார். பத்தாம் தேதி வாக்கில் ஒரு மணி நேரக் கூட்டம். அந்தக் கூட்டத்தின் முடிவில் எத்தனை கண்டி வாங்குவது, வங்கியில் என்ன கேட்பது, எந்த ஆர்டரை ஒத்துக்கொள்வது என்ற மூன்றுக்கும் பதில் இருக்க வேண்டும். முடிவு எதையும் தராத கூட்டம் இரண்டு மாதத்தில் நின்றுவிடும்.

கணக்கு கெட்டுப்போவதை எப்படிக் கண்டுபிடிப்பது?

நகரும் கணக்கு வழக்கமாக மூன்று விதத்தில் கெடுகிறது. மூன்றையும் எளிதில் கண்டுபிடிக்கலாம்.

முதலாவது, ஆண்டு மொத்தம் அசையாமல் இருப்பது. ஜூலையில் விற்பனை குறைந்தது, ஆகஸ்டிலும் குறைந்தது, ஆனால் மார்ச் வரையிலான மொத்தம் பட்ஜெட்டில் சொன்னதாகவே இருக்கிறது என்றால், விழுந்த விற்பனையை யாரோ ஜனவரி முதல் மார்ச் வரையிலான காலாண்டுக்குத் தள்ளிவைக்கிறார்கள் என்று பொருள். அது கணிப்பு இல்லை, பட்ஜெட்டின் நகல். மார்ச்சுக்கு அப்பால் உள்ள காலாண்டுகள் எல்லாம் ஒரே எண்ணாக இருந்தாலும் இதே நோய்தான். அங்கே யாரும் யோசிக்கவில்லை.

இரண்டாவது, ஒரே பக்கம் சாய்வது. மூன்று மாதத்துக்கு முன் சொன்ன விற்பனை கிலோவையும் நடந்ததையும் ஒரு தாளில் அருகருகே எழுதி வர வேண்டும். சில மாதம் கூடுதலாகவும் சில மாதம் குறைவாகவும் தவறினால் கவலை இல்லை. சந்தை அப்படித்தான். ஆறு மாதமும் தொடர்ந்து நடந்தது கணிப்பைவிடக் கூடுதலாகவே இருந்தால், பாராட்டு வாங்குவதற்காக யாரோ குறைத்துச் சொல்கிறார். தொடர்ந்து குறைவாகவே இருந்தால், கெட்ட செய்தியைச் சொல்ல ஒருவர் தயங்குகிறார். இரண்டிலும் திருத்த வேண்டியது மனிதர்கள் பேசும் சூழலைத்தான்.

இந்தச் சாய்வுக்குப் பெரும்பாலும் ஒரே வேர்தான் இருக்கும்: ஊக்கத்தொகையைக் கணிப்போடு கட்டிவிடுவது. சொன்னதைவிட அதிகம் விற்றால் போனஸ் என்று விதி வைத்தால், எந்த மேலாளரும் குறைத்துத்தான் சொல்வார். ஊக்கத்தொகை அசையாத பட்ஜெட்டில் இருக்கும் வரிகளோடு மட்டும் கட்டப்பட வேண்டும். கழிவைக் குறைத்தவருக்குப் பரிசு கொடுக்கலாம். உண்மையைக் கணித்துச் சொன்னவர் அதற்காக எதையும் இழக்கக் கூடாது.

மூன்றாவது, காலம் கடந்து வரும் கணக்கு. சென்ற மாத விவரம் இருபத்தைந்தாம் தேதி வருகிறது என்றால், அதை வைத்து எடுக்கும் முடிவு அடுத்த மாதத்துக்குத்தான் உதவும். அத்தகைய ஆலை முதலில் மாதக் கணக்கை வேகமாக முடிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். அதற்குமுன் நகரும் கணக்கைத் தொடங்குவது வீண் வேலை.

யாருக்கு எது?

எல்லா ஆலைக்கும் இந்தக் கூடுதல் உழைப்பு தேவைப்படாது. ஓசூரிலோ ஸ்ரீபெரும்புதூரிலோ ஒரு வாகன நிறுவனத்துக்கு உதிரிபாகம் செய்து கொடுப்பவரை எடுத்துக்கொள்ளுங்கள். இரும்பு விலை ஏறினால் அதை வாங்குபவரே ஏற்றுக்கொள்ளும் ஒப்பந்தம் இருந்தால், மூலப்பொருள் விலை அவருடைய லாபத்தைப் பெரிதாக அசைக்காது. வரும் மாதத்துக்கு உறுதியான எண்ணிக்கையும், அதற்கடுத்த மாதங்களுக்கு உத்தேசமும் வாடிக்கையாளரே அனுப்பிவிடுவார். அந்த அட்டவணையை நகரும் கணக்காக வைத்துக்கொண்டு, ஆண்டு பட்ஜெட்டைக் காலாண்டுக்கு ஒருமுறை சரிபார்த்தாலே போதும்.

தேர்வு செய்ய இரண்டு கேள்விகள் உதவும். செலவில் எத்தனை பங்கு ஓர் ஆண்டுக்குள் பெரிதாக மாறக்கூடிய, வாடிக்கையாளரிடம் கடத்த முடியாத விலையைச் சார்ந்தது? பணத்தைப் போட்ட நாளிலிருந்து அது திரும்பி வரும் நாள் வரை எத்தனை மாதம்? முதல் விடை பாதியைத் தாண்டி, இரண்டாவது மூன்று மாதத்தைத் தாண்டினால், ஆண்டு பட்ஜெட்டை மட்டும் வைத்துத் தொழில் நடத்துவது ஆபத்து. நூற்பாலை, எண்ணெய் ஆலை, செம்புக் கம்பி தயாரிப்பு போன்றவை அந்த வகை.

தொடங்குவதற்கு ஏப்ரலுக்காகக் காத்திருக்க வேண்டாம். நூற்பாலைக்குச் செப்டம்பர்தான் சரியான மாதம். புதுப் பஞ்சு சந்தைக்கு வர ஒரு மாதம் இருக்கும். முதல் முறை எட்டு வரிகூட வேண்டாம். பஞ்சு விலை, இருப்பு நாட்கள், வசூல் நாட்கள் ஆகிய மூன்றை மட்டும் எடுத்து, மூன்று விலையில் மார்ச் வரைக்கும் அதற்கு அப்பால் ஜூன் வரைக்கும் எவ்வளவு பணம் வேண்டும் என்று எழுதிப் பாருங்கள். அந்தத் தொகை வங்கி லிமிட்டைத் தாண்டினால், மேலாளரைப் பார்க்க இன்னும் மூன்று மாத அவகாசம் கையில் இருக்கிறது.